இறங்கும்போது பூட்டிக்கொள்ளும் காது

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு ஊர் குமுளி பக்கம். ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை. வயது 41. போன வாரம் லீவில் வந்தேன். புறப்படும்போதே சளி இருந்தது. விமானத்தில் தூங்கிவிட்டேன். நெடும்பாசேரியில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வலது காதில் கம்பியை விட்டுக் குத்துகிற மாதிரி வலி வந்து எழுந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முடிந்த மட்டும் ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. இறங்கிய பிறகும் காது அடைத்தே இருந்தது. மலை ஏறி வீட்டுக்கு வந்ததும் வலி பாதி குறைந்தது. மூன்றாம் நாள் கம்பத்துக்கு இறங்கினேன், மறுபடியும் அடைத்துக்கொண்டது. அழுக்குதான் அடைத்திருக்கும் என்று அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுகிறார்கள். இன்னும் மூன்று வாரத்தில் திரும்பிப் போகணும். இந்தத் தடவை மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் கூட வருகிறார்கள். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். என் செவிப்பறை கிழிந்திருக்குமா? வலி இல்லாமல் இறங்க என்ன வழி?

தம்பி, முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். அம்மாவிடம் கோபப்பட வேண்டாம். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் காது வலி என்றால் நல்லெண்ணெயும் பூண்டும்தான். ஆனால் உங்கள் வலி செவிப்பறைக்கு உள்பக்கம் உண்டானது. வெளியிலிருந்து ஊற்றுகிற எண்ணெய் பறையைத் தாண்டி அங்கே போகாது. பறையில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும்தான் போகும், அப்படிப் போனால் சீழ் பிடிக்கும். பட்ஸ் போட்டுக் குடைவதும் வேண்டாம். காது அழுக்கு விமானம் இறங்குகிற நேரம் பார்த்து வலிக்காது, மலை ஏறினால் குறையவும் குறையாது.

பறை கிழிந்திருந்தால் அந்த வலி ஒரு நொடியில் விட்டுப்போயிருக்கும், கூடவே ரத்தம் கலந்த நீர் கசிந்திருக்கும். நீங்கள் எழுதியதில் இரண்டுமே இல்லை. அதனால் கிழியவில்லை என்றுதான் நினைக்கிறேன். கிழிந்திருந்தாலும் பயம் வேண்டாம். இப்படி விழுகிற சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும், காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ஒரே சுரத்தில் முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது என்று கவனியுங்கள். அடைத்த வலது காதில் உரக்கக் கேட்டால் நல்லது. நரம்பு சரியாக இருக்கிறது, சத்தம் போகிற வழியில்தான் அடைப்பு என்று அதற்கு அர்த்தம். நல்ல காதான இடது பக்கம் சத்தம் ஒதுங்கினால் விஷயம் வேறு. உள்காதுக்கு அடி பட்டிருக்கலாம். சத்தம் அப்படி ஒதுங்கினாலும், தலை சுற்றினாலும், காதில் விடாமல் ஒரு இரைச்சல் புதிதாகக் கேட்டாலும் இதற்கு மேல் படிக்க வேண்டாம், அன்றைக்கே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதற்கான ஸ்டீராய்டு வைத்தியம் நாள் கடக்கக் கடக்கப் பலன் குறையும். விமானப் பயணத்தில் இது அபூர்வம். ஆனாலும் பத்து நொடியில் பார்த்துவிடக்கூடிய விஷயம். நாங்கள் கிளினிக்கில் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மலை ஏறியதும் வலி பாதி குறைந்தது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

செவிப்பறைக்கு உள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது, அதற்கு நடுக்காது என்று பெயர். அதில் இருப்பது காற்று. அந்த அறைக்கு ஒரே ஒரு வாசல்தான், அது மூக்குக்குப் பின்னால், அண்ணாக்குக்கு மேலே வந்து திறக்கிற யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு அது மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காதை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு எலும்புக்குள் ஓடுகிறது, அது எப்போதும் திறந்தே இருக்கும். மூக்குப் பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு குருத்தெலும்பும் சதையும். அது சாதாரணமாக மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணாக்கின் தசை ஒன்று அதை இழுத்து ஒரு கணம் திறக்கும். அந்தக் கணத்தில் உள்காற்றும் வெளிக்காற்றும் சமமாகிவிடும். நாள் முழுக்க நமக்குத் தெரியாமலே இது நடந்துகொண்டிருக்கிறது.

விமானம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கிற காற்று விரிந்து, அந்தச் சதைக் கதவை உள்ளிருந்து தள்ளித் தானாகவே வெளியேறிவிடும். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும்போது காதில் "டொப்" என்று கேட்குமே, அது இதுதான். நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இறங்கும்போது கதை தலைகீழ். வெளியே அழுத்தம் கூடுகிறது, உள்ளே குறைவாக இருக்கிறது. இப்போது காற்று உள்ளே போகணும், ஆனால் உள்ளிருக்கும் உறிஞ்சல் அந்தச் சதைக் கதவையே இழுத்து மூடுகிறது. இளநீர்க் கடையில் காகித ஸ்ட்ரா நைந்துபோன பிறகு உறிஞ்சிப் பாருங்கள். எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறீர்களோ அவ்வளவு ஒட்டிக்கொள்ளும். அதே மாதிரிதான்.

இதில் ஒரு எல்லைக்கோடு உண்டு. நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், 120, 80 என்கிற கணக்கு உங்களுக்குப் பழக்கம். அதே பாதரச மில்லிமீட்டரில்தான் இதையும் சொல்கிறோம். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் 90 வாக்கில் வந்துவிட்டால், குழாயைத் திறக்கிற அந்தத் தசைக்கு அதை எதிர்த்து இழுக்கிற பலம் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை தடவை விழுங்கினாலும் கதவு திறக்காது. காது பூட்டிக்கொண்டது என்று இதைத்தான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மலையைப் பாருங்கள். நெடும்பாசேரி கிட்டத்தட்டக் கடல் மட்டம், அங்கே காற்றின் அழுத்தம் 760. குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அங்கே 680 சொச்சம். முண்டக்கயம் தாண்டி ஏற ஏற வெளி அழுத்தம் 80 அளவுக்குக் குறைந்தது, உங்கள் காதுக்குள் இருந்த உறிஞ்சலும் அந்த அளவுக்குத் தளர்ந்தது, அதனால் வலி குறைந்தது. வைத்தியம் எதுவும் இல்லாமல் மலையே செய்துகொடுத்த வேலை அது. பிறகு கம்பத்துக்கு இறங்கினீர்கள். அது 500 மீட்டர் பள்ளம், 40 வாக்கில் அழுத்தம் திரும்ப ஏறியது. குழாயின் உட்சுவர் சளியாலும் முதல் அடியாலும் வீங்கிக் கிடந்ததால் அந்த 40-ஐக்கூட அதனால் சமாளிக்க முடியவில்லை. இதற்குள் உறிஞ்சல் உட்சுவரிலிருந்து கொஞ்சம் நீரையும் இழுத்துவிட்டிருக்கும். காதுக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரியும், உங்கள் குரலே பானைக்குள் பேசுகிற மாதிரியும் கேட்டால் அது அந்த நீர்தான். சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும்.

சரி, விமானத்தில் எங்கே தவறியது? நிமிடக் கணக்கில் பார்த்தால்தான் இது புரியும்.

விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் கேபினுக்குள் காற்றை அடைத்து, அதிகபட்சம் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள். நம் ஆனைமுடி உச்சியைவிடக் கொஞ்சம் தாழ்வு. அங்கே அழுத்தம் 565. தரையில் 760. ஆக மொத்தம் 195 ஏற வேண்டும். இது சுமார் 25 நிமிடத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 8 வீதம். நீங்கள் தூங்குகிறீர்கள், தூக்கத்தில் எச்சில் விழுங்குவது மிகவும் அபூர்வம், போதாக்குறைக்கு சளி. முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் காது லேசாக நிறைந்த மாதிரி இருக்கும், தூங்குகிறவருக்கு அது தெரியாது. நான்காம் நிமிடம் வித்தியாசம் 30-ஐத் தாண்டும், விழித்திருந்தால் நெளிய வைக்கும். ஏழு எட்டு நிமிடத்தில் 60. அதுதான் நல்ல வலி. அந்த வலியில்தான் எழுந்தீர்கள். பதினொன்றாம் நிமிடம் 90, பூட்டு விழுந்துவிடும். அதாவது வலி எழுப்பிய பிறகு உங்கள் கையில் இருந்தது மூன்று நான்கு நிமிடம். அதற்குள் சுதாரித்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, மூக்கைப் பிடித்து ஊதுவதற்குள் கதவு பூட்டியாயிற்று. ஆளுக்கு ஆள், விமானத்துக்கு விமானம் இந்த எண்கள் முன்னே பின்னே இருக்கும். வரிசை மட்டும் மாறாது.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் செய்த காரியத்தில் பிழையில்லை, செய்த நேரத்திலும் பலத்திலும்தான் பிழை. பூட்டிய பிறகு பலமாக ஊதினால், மூக்குக்குப் பின்னால் ஏறுகிற காற்று அந்தச் சதைக் கதவை வெளியிலிருந்து இன்னும் இறுக்கி அழுத்தும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. முக்கி ஊதும்போது தலைக்குள் இருக்கும் நீரின் அழுத்தமும் ஏறும், அது உள்காதில் இருக்கிற மெல்லிய சவ்வு ஜன்னல்களைக் கிழிக்கக்கூடும். முனகிப் பார்க்கச் சொன்னேனே, அந்தச் சோதனைக்குக் காரணம் உங்கள் அந்த "முடிந்த மட்டும்" ஊதியதுதான்.

இனி முறையைச் சொல்கிறேன். வலி வருவதற்கு முன்னால் தொடங்க வேண்டும், இதுதான் முக்கியம். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது விழித்திருங்கள். எஞ்சின் சத்தம் தணிந்து, விமானத்தின் மூக்கு லேசாகக் கீழே சாய்ந்த மாதிரி இருக்கும். சில விமானங்களில் முன் சீட் திரையில் உயரம் குறைவது தெரியும். அந்த நேரத்திலிருந்து சக்கரம் தரையைத் தொடும்வரை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை காதைத் திறந்துகொண்டே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் 8-ஐ மட்டும் சமன் செய்கிறீர்கள், அது தசைக்கு ஒரு பாரமே இல்லை. சேர்த்து வைத்து 60-ல் தொடங்கினால்தான் மல்லுக்கட்டு.

முதலில் வெறுமனே விழுங்குங்கள். வாயில் ஒரு மிட்டாயோ சூயிங்கமோ இருந்தால் எச்சில் ஊறும். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் சிறு சிறு வாயாகக் குடித்தால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை குழாய் திறக்கும். திறந்தால் காதுக்குள் "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்கும், காது தெளிவாகக் கேட்கும். இரண்டு காதிலும் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுங்கியும் "டிக்" வரவில்லை என்றால் வல்சால்வா. 1700-களின் தொடக்கத்தில் இத்தாலியில் அந்தோனியோ வல்சால்வா என்ற உடற்கூறு நிபுணர் விளக்கிய முறை. மூக்கை இரண்டு விரலால் மூடி, வாயை மூடி, காற்றை மூக்குக்குள் மெல்ல அழுத்துங்கள். மூக்கு சிந்துகிற பலத்தில் பாதி போதும். இரண்டு நொடி அழுத்தி விட்டுவிடுங்கள், ஐந்து நொடியைத் தாண்டவே வேண்டாம். வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், ஒரு வாய் தண்ணீர் விழுங்கிவிட்டு மறுபடி மெல்ல முயலுங்கள்.

இவை இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். மூக்கை மூடி, மெல்ல அழுத்திக்கொண்டே விழுங்க வேண்டும். முக்குளிப்பவர்கள் பலர் இப்படிச் செய்வார்கள். தசை கதவை இழுக்கிற அதே கணத்தில் பின்னாலிருந்து காற்றும் தள்ளுவதால், சளி பிடித்த காதுக்கு என் அனுபவத்தில் இதுதான் நன்றாகப் பலிக்கிறது. முதல் நாள் கைகூடாது, வாயில் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு பழகினால் வரும்.

இன்னொன்று, ஃப்ரென்ஸெல் முறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் ஹெர்மன் ஃப்ரென்ஸெல் என்ற மருத்துவர் குண்டுவீச்சு விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. தலைகுப்புற இறங்குகிறவனுக்கு முக்கி ஊத நேரம் ஏது? மூக்கை மூடிக்கொண்டு நாக்கின் அடிப்பகுதியால் "க்" என்று சொல்லப் போவதுபோல உந்தினால், நாக்கே பிஸ்டன் மாதிரி வேலை செய்து காற்றைக் குழாய்க்குள் தள்ளிவிடும். நெஞ்சுக் காற்று இதில் சம்பந்தப்படாது, அதனால் அளவுக்கு மீறிய அழுத்தத்துக்கே வழியில்லை. "பக்கம்", "அக்கா" என்று சொல்லும்போது அந்த ஒற்றில் நாக்கு எங்கே போய் ஒட்டுகிறது பாருங்கள், அந்த இடம்தான். வெளிநாட்டு நோயாளி ஒருவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று எனக்கு. நம் ஊர்க்காரர்களுக்கு "அக்கா" என்று சொன்னால் முடிந்தது.

இதையெல்லாம் பழக நீங்கள் காசு செலவு செய்து விமானம் ஏற வேண்டியதில்லை. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்குகிற மலைப்பாதையே போதும். அதில் 40 வித்தியாசம் இருபது நிமிட வாக்கில் ஏறுகிறது, விமானத்தின் கால்வாசி வேகம். காது பூட்டுகிற அளவுக்கு அது எப்படியும் போகாது. அடைப்பு தெளிந்த பிறகு, வருகிற வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து இறங்குங்கள் (பைக்கில் வேண்டாம், மூக்கைப் பிடிக்கக் கை வேண்டும்). செக்போஸ்ட் தாண்டியதுமே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு இரண்டு வளைவுக்கும் ஒரு தடவை. பெரியாறு மின் நிலையத்துக்கு இறங்கும் அந்தப் பெரிய குழாய்கள் தெரிகிற இடத்துக்கு வரும்போது இரண்டு காதிலும் "டிக்" கேட்டு, இரண்டு காதும் ஒரே மாதிரி கேட்டால் உங்கள் குழாய் வேலை செய்கிறது. வலது காது மட்டும் அடைத்துக்கொண்டே இறங்கினால் அது இன்னும் தயாராகவில்லை, விமானத்துக்கும் தயாராகாது.

அடுத்தது மூக்கு. குழாயின் வாய் மூக்குக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு வீங்கியிருந்தால் அதுவும் வீங்கியிருக்கும். ஷார்ஜாவின் தூசியிலும் ஏசியிலும் உங்களுக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பும் காலைத் தும்மலும் உண்டா? கடிதத்தில் இல்லை, ஆனால் அங்கிருந்து வருகிற பாதிப் பேருக்கு உண்டு என்பதால் கேட்கிறேன். இருந்தால் ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் மூக்கு ஸ்ப்ரேயை இப்போதே தொடங்கி தினமும் அடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது அன்றைக்கே கேட்காது, ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். உங்கள் கையில் மூன்று வாரம் இருப்பது அதிர்ஷ்டம்.

பயண நாளில் லேசான அடைப்பு இருந்தால் ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது ஸைலோமெட்டாசோலின் ஸ்ப்ரே உதவும். ஏறும்போது அடித்தால் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேவை இறங்கும்போதுதான். தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, ஸ்ப்ரேயின் முனையை நடுச்சுவரைப் பார்க்க வைக்காமல் அந்தந்தப் பக்கத்துக் காதைப் பார்க்க வைத்து ஒரு தடவை அடியுங்கள். முன்பக்க வீக்கம் வடிய ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டாவது தடவை அடித்தால் மருந்து பின்பக்கம் குழாய் வாய்வரை போய்ச் சேரும். ஒரே மூச்சில் இரண்டையும் அடிக்கிறவர்களுக்கு மருந்து மூக்கின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் வாங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் மூன்று நாளுக்கு மேல் தொடர வேண்டாம், தொடர்ந்தால் மருந்து இல்லாமல் மூக்கே திறக்காது என்கிற நிலை வரும்.

விமானக் காது வலிக்கு என்று சூடோஎஃபெட்ரின் மாத்திரையை யாராவது சிபாரிசு செய்வார்கள். பெரியவர்களுக்கு அது உதவுவது உண்மைதான், ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். உங்களுக்கு வேண்டாம். வளைகுடா நாடுகளின் மருந்துக் கட்டுப்பாடும் கடுமை, சீட்டில்லாத மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு போவது எந்தக் காரணத்துக்கும் நல்லதல்ல.

சளி கனமாக இருந்து, வீட்டில் உட்கார்ந்தபடி மெல்ல வல்சால்வா செய்தாலே காது திறக்கவில்லை என்றால் ஸ்ப்ரேயை நம்பிப் புறப்படாதீர்கள், தேதியை மாற்றுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு தடவை மூக்கு முழுக்கச் சளியோடு ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம்தானே, எனக்குத் தெரியாத காதா என்ற நினைப்பு. அசந்து தூங்கியும் விட்டேன். பத்து நாள் இடது காது கேட்காமல் நோயாளிகளை எல்லாம் வலது பக்கம் உட்காரவைத்துப் பார்த்தேன்.

எல்லாம் செய்தும் ஷார்ஜாவில் இறங்கும்போது பூட்டிக்கொண்டால் ஊதுவதை விட்டுவிடுங்கள். தரையைத் தொட்ட பிறகு அழுத்தம் மேற்கொண்டு ஏறாது, அதனால் அதற்கு மேல் மோசமாகாது. இறங்கிய பிறகு ஸ்ப்ரே அடித்து, கால் மணி நேரம் கழித்து, தாடையை முன்னால் தள்ளி ஒரு கொட்டாவி, ஒரு வாய் தண்ணீர், பிறகு மெல்ல ஒரு வல்சால்வா. வலிக்கு பாராசிட்டமால். ஷார்ஜாவில் ஏறுவதற்குக் குமுளி மலை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு வாரத்தில் தெளியவில்லை என்றால் அங்கேயே காட்டுங்கள்.

குழந்தைக்கு இதில் எதுவும் சொல்லித்தர முடியாது, தேவையும் இல்லை. இறங்கத் தொடங்கியதும் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுக்கச் சொல்லுங்கள், உறிஞ்சி விழுங்குகிற ஒவ்வொரு மடக்கும் காதைத் திறக்கும். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுக்கட்டும். இங்கே ஒரு நெளிவு இருக்கிறது. விமானம் ஏறியதும் பசிக்கு முழுசாகக் குடித்துவிட்டால் இறங்கும்போது வாயை வைக்காது. அதனால் கடைசி வேளையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தூங்கினால் இறங்கும் நேரத்துக்கு எழுப்பிவிட வேண்டும், எழுப்ப மனசு வராது என்று எனக்குத் தெரியும். குடிக்காமல் வீறிட்டு அழுதால் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நீங்கள் குறுகிப்போக வேண்டாம், அழுகையிலும் குழாய் திறக்கத்தான் செய்கிறது. குழந்தைக்கு சளியும் காய்ச்சலும் இருந்தால் மட்டும் புறப்படுவதற்கு முன்னால் குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுங்கள். உங்களுக்கு அடிக்கிற ஸ்ப்ரே அதற்கு வேண்டாம்.

கடைசியாக உங்கள் காதை யாராவது ஒருவர் ஓட்டோஸ்கோப்பில் பார்த்தே ஆகணும், கடிதத்தில் பறை தெரியாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் காட்டினால் போதும். பறை உள்ளே இழுத்துக்கொண்டு சிவந்து கிடக்கிறதா, பின்னால் நீர் நிற்கிறதா, நீங்கள் மெல்ல அழுத்தும்போது பறை அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அசைந்தால் ஏறலாம். அசையாமல் பின்னால் நீர் நின்றால் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளுங்கள். கம்பத்தில் என்னிடமே வருவதென்றால் புதன்கிழமை வேண்டாம், அன்றைக்கு ஆபரேஷன் நாள். மற்ற நாளில் காலையில் பஸ்ஸில் இறங்கி வாருங்கள், வழியில் எந்த வளைவில் எந்தக் காது அடைத்தது என்று கவனித்துக்கொண்டே வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.